அனுப்பாமல் போன இரண்டாவது பதிவு

கொளஞ்சியப்பனுக்கு இரண்டு விஷயங்களில் கர்வம் உண்டு. பதினேழு வருஷமாக ஒரே பைக்கை விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பது ஒன்று. எட்டுப் பக்க ஆங்கில அறிக்கையை ஒரே பக்கத் தமிழாக்கித் தாய் தகப்பன் கையில் கொடுப்பது இன்னொன்று. பைக்கைப் பற்றி அவரைத் தவிர யாரும் பேசுவதில்லை. அந்த ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் பெரம்பலூர் மாவட்டத்தில் அவர் தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும்.

தொழில் என்றால், வேப்பூர் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர். பார்வை குறைந்த பிள்ளை, காது கேளாத பிள்ளை, எழுத்துக் கூட்டவே வராத பிள்ளை என்று ஒவ்வொரு நாளும் ஒரு பள்ளிக்குப் போய் உட்கார வேண்டும். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காடு வைத்திருக்கும் அவருடைய அப்பாவுக்கு இந்த உத்தியோகம் இன்றுவரை பிடிபடவேயில்லை. "வாத்தியார்னா ஒரு கிளாஸ் இருக்கணும். உனக்கு எங்கடா கிளாஸு?" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார். கொளஞ்சியப்பனும் ஒவ்வொரு பொங்கலுக்கும் இன்னொரு இட்லி போட்டுக்கொள்வார்.

அந்த ஒரு பக்கம் பிறந்த கதை சின்னது. திருச்சியிலோ சேலத்திலோ பிள்ளையைச் சோதிக்கும் உளவியலாளர்கள் ஆங்கிலத்தில் அறிக்கை தருகிறார்கள். பெற்றவர்கள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, புரிந்த ஒரே பொருளான எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும், எப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது ஆறாம் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. கொளஞ்சியப்பன் அறிக்கையை மூன்று தடவை படிப்பார். முதல் தடவை பேனாவைத் திறக்க மாட்டார். இரண்டாம் தடவை 'இருக்கலாம்', 'உறுதியில்லை', 'கவனத்துடன் கொள்க' என்று வருகிற இடங்களுக்கெல்லாம் பச்சைக் கோடு போடுவார். மூன்றாம் தடவைதான் எழுதுவார். தெரிந்தது, தெரியாதது, செய்ய வேண்டியது என்று மூன்று தலைப்பு. ஒரு பயிற்சிக் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டுக் காட்டச் சொன்னார்கள், எல்லோரும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவி ராசாத்தியிடம் சாதாரணமாகச் சொல்வது போல நான்கு தடவை சொன்னார்.

குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்று உண்டு. பாதி கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "முழுசா கேளுங்க" என்பது அவருடைய வாயில் ஒரு நாளைக்கு இருபது தடவை வரும். சொல்கிற விதத்திலும் பிசகு இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அதுவரை வந்ததில்லை.

லப்பைக்குடிகாட்டில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றுக்கு வியாழக்கிழமை தோறும் போவார். அங்கே ஐந்தாம் வகுப்பில் ஹுஸ்னா என்று ஒரு பெண். பத்து வயது. வகுப்பில் பாடத்தைப் படிக்கச் சொன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பாள். அதே பாடத்தை வேறு யாராவது படித்தால், கேள்விக்கெல்லாம் முதலில் கை தூக்குவாள். இரண்டாம் வகுப்பு முடியும்வரை அவள் குவைத்தில் ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவள். அப்பா சாகுல் ஹமீது அங்கே ஒரு மளிகைக் கடையில் வேலை. பிறகு தாயும் மகளும் ஊருக்கு வந்துவிட்டார்கள், அவர் மட்டும் அங்கேயே இருக்கிறார். கொளஞ்சியப்பன்தான் ஹுஸ்னாவை ஒரு தடவை முறையாகச் சோதித்துப் பார்க்கலாம் என்று சொன்னார். அம்மா நஜீமா திருச்சிக்கு அழைத்துப் போய் வந்தாள். இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது.

அறிக்கையில் இருந்தது இதுதான். இரண்டு மொழியிலுமே ஹுஸ்னாவின் வாசிப்பு இரண்டாம் வகுப்புத் தொடக்க நிலையில் இருக்கிறது. எழுத்துப் பிழைகள் அதிகம். படித்துக் காட்டினால் புரிந்துகொள்வது வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது. கட்டைகளை அடுக்கும் புதிர்களிலும் அப்படியே. சொற்களுக்குப் பொருள் சொல்வதில் குறைவு, வேகம் பார்க்கும் பகுதியில் மிகக் குறைவு. அறிவுத்திறன் சோதனையின் மொத்த மதிப்பெண் எழுபத்தொன்பது, நூறைச் சராசரியாக வைக்கும் அட்டவணைப்படி எல்லைக்கோட்டு நிலை. வாசிப்பில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருப்பதற்கான அடையாளங்கள் தென்படுகின்றன, ஆனால் இது தற்காலிகக் கருத்துதான்.

ஆறாம் பக்கத்தில் மற்றது இருந்தது. பகுதிகளுக்கு இடையே இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருப்பதால் மொத்த எண்ணைப் பிள்ளையின் பொதுத் திறனுக்கு அளவாகக் கொள்ளக் கூடாது. சோதனை ஆங்கிலத்தில் அமைந்தது, தமிழில் விளக்கி நடத்தப்பட்டது. அதனால் சொல் பகுதியின் மதிப்பெண் குறைந்து வந்திருக்கலாம். வரும் வழியில் பேருந்தில் வாந்தி எடுத்ததால் பிள்ளை களைத்திருந்தாள், வேகப் பகுதி அவளுடைய உண்மையான திறனைவிடக் குறைத்துக் காட்டியிருக்கலாம். பயிற்று மொழி மாறி இரண்டரை வருஷம்தான் ஆகிறது, வாசிப்புச் சிரமத்தில் அதன் பங்கு எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. காதும் கண்ணும் பரிசோதிக்கப்பட வேண்டும். ஆறு மாத முறையான பயிற்சிக்குப் பிறகு தமிழில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும்.

இதையெல்லாம் கொளஞ்சியப்பன் ஒரு பக்கத்தில் எழுதினார். நஜீமா பள்ளி வராந்தாவில் நின்றபடியே படித்துவிட்டு, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நல்லா புரியுது சார். ஆனா இத போட்டோ எடுத்து அனுப்புனா அவரு படிக்க மாட்டாரு. எங்களுக்கு எல்லாம் வாய்ஸ்தான். வாய்ஸ் போட்டுருங்க சார், அவருக்கு அனுப்பிடுறேன்."

அந்த ஊரில் அது வழக்கம். கல்யாணம் பேசுவது, மனை பார்ப்பது, பிள்ளையை எந்தப் பள்ளியில் போடுவது எல்லாம் குவைத்துக்கும் துபாய்க்கும் குரலாகவே போய், குரலாகவே திரும்பி வரும். கொளஞ்சியப்பனும் வேப்ப மரத்தடிக்குப் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, பேசினார். மூன்று தலைப்புக்கு மூன்று பதிவு. முதலாவது ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. இரண்டாவது நான்கு நிமிஷம். மூன்றாவது இரண்டு நிமிஷம். கேட்கிறவருக்குக் குழப்பம் வரக் கூடாது என்று தனித்தனியாகப் பிரித்துப் போட்டதில் அவருக்குத் திருப்தி. பைக்கை உதைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

அடுத்த வியாழக்கிழமை வந்தபோது தலைமையாசிரியை வளர்மதி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"சார், ஹுஸ்னாவுக்கு டி.சி. கேக்குறாங்க."

"யாரு?"

"அவ சின்னத்தா, அவ அப்பாவோட தம்பி அஸ்லாம். நேத்து வந்தாரு. திருச்சி பக்கம் ஏதோ ஹாஸ்டலோட இருக்குற சிறப்புப் பள்ளியாம். மூளை வளர்ச்சி கம்மியா இருக்குற புள்ளைங்களுக்கானது. எடம் பேசிட்டாங்களாம். திங்கக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்னாரு."

"எதுக்கு? யாரு சொன்னா?"

வளர்மதி கொஞ்சம் தயங்கினார். "நீங்கதான் சொன்னதா சொல்றாரு சார். போன்லயே போட்டுக் காமிச்சாரு. உங்க குரல்தான்."

கொளஞ்சியப்பனுக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் சொல்லவேயில்லை, அறிக்கையும் சொல்லவில்லை. அந்தப் பெண் இதே வகுப்பில் தொடர வேண்டும் என்றுதான் அறிக்கையின் ஏழாம் பக்கம் சொல்கிறது. எழுபத்தொன்பது என்ற எண்ணை அப்படியே நம்பினால்கூட அது மனவளர்ச்சிக் குறைபாட்டின் எல்லைக்குள் வராது. "இவனுங்க எதையும் முழுசா கேக்குறதே இல்ல" என்று வாய்விட்டே சொன்னார். வளர்மதி, "நா திங்கக்கிழமை வரைக்கும் இழுத்துப் பிடிக்கலாம் சார். கையெழுத்துப் போட்டு எழுதிக் கேட்டா, அதுக்கு மேல முடியாது" என்றார்.

ஒரு பத்து வயதுப் பெண், அம்மாவை விட்டு, படிக்கிற பள்ளியை விட்டு, தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு விடுதிக்குப் போகப்போகிறாள். நாலே நாளில். கொண்டுபோய் விடுவது அவருடைய குரல். பள்ளி விடும்வரை அவரால் ஒரு பிள்ளைக்கும் ஒழுங்காகப் பாடம் எடுக்க முடியவில்லை. நாலரை மணிக்கு நஜீமாவின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

கூடத்தில் நாற்காலி போட்டார்கள். ஹுஸ்னா சீருடையோடு கதவோரம் நின்றாள். அவர் கூப்பிட்டும் வரவில்லை. வழக்கமாக அவரைப் பார்த்தால் பையைப் பிடுங்கிப் பார்க்கிற பெண்.

"என்னம்மா இது? நா என்ன சொன்னேன், நீங்க என்ன பண்றீங்க?" என்று ஆரம்பித்தார். குரல் அவர் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது.

நஜீமா அழத் தொடங்கினாள். "நா பண்ணல சார். அவருதான். மொத நாளு வாய்ஸ கேட்டதுலேந்து அவரு தூங்கவே இல்ல. எல்லைக்கோடுன்னா என்னன்னு நெட்டுல தேடிருக்காரு. தம்பி எங்கெங்கயோ விசாரிச்சு அந்த ஸ்கூல புடிச்சுட்டாரு. குடும்ப குரூப்புல போட்டதுக்கு, மலேசியாவுல இருக்குற எங்க பெரியம்மா மவன் மாஷா அல்லாஹ், எழுபத்தொம்பது நல்ல மார்க்குன்னு போட்டாரு. அதுக்கு இவரு அழுதுட்டாரு சார்."

வேறு சமயமாக இருந்தால் கொளஞ்சியப்பன் சிரித்திருப்பார். இப்போது கையை நீட்டி, "போனக் குடுங்க" என்றார்.

அவர் அனுப்பிய மூன்றும் வரிசையாக இருந்தன. கணவருடைய பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னார். முதலாவது போயிருந்தது. மறுநாள் மூன்றாவதும் போயிருந்தது, அதில் பயிற்சியும் தேர்வு உதவியும் பரிசோதனைகளும்தான், எந்தப் பள்ளி என்ற பேச்சே இல்லை. இரண்டாவதைக் காணோம்.

"நடுவுல உள்ளது எங்க?"

நஜீமா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுல பஸ்ல வாந்தி எடுத்தது வருதுல்ல சார்."

"ஆமா, வருது. அதனாலதான் அந்த மார்க் கொறஞ்சிருக்கலாம்னு—"

"நீங்க அப்புடியா சொன்னீங்க? போட்டுக் கேளுங்க சார்."

போட்டார். தன் குரல் கூடத்தில் கேட்டது. முதல் ஒரு நிமிஷம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு வந்தது. "அன்னைக்குப் புள்ளைக்கு ஒடம்பு முடியல. வாந்தி எடுத்த புள்ளயத்தான் அம்மா கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சிருக்காங்க. கொஞ்சம் பாத்து இன்னொரு நாள் போயிருக்கலாம்."

"அவரு தொலைவுல இருக்காரு சார்" என்றாள் நஜீமா. "புள்ளைக்கு ஒரு தும்மல்னாலும் நீ என்ன பாத்துட்டு இருந்தேன்னுதான் கேப்பாரு. இத எப்படி அனுப்புவேன்? நா வீட்டுலேந்து கெளம்பும்போது புள்ள நல்லாத்தான் இருந்தா. பாதி வழிக்கு மேலதான் வாந்தி. தேதி ரெண்டு மாசம் காத்திருந்து வாங்குனது. திரும்பி வந்திருக்க முடியுமா?"

கொளஞ்சியப்பன் பையிலிருந்து அறிக்கையின் நகலை எடுத்து ஆறாம் பக்கத்தைப் புரட்டினார். பச்சைக் கோடு போட்ட வரி அங்கே இருந்தது. களைத்திருந்தாள், குறைத்துக் காட்டியிருக்கலாம். அம்மா கூட்டிப் போனதைப் பற்றியோ, இன்னொரு நாள் போயிருக்கலாம் என்றோ ஒரு சொல் இல்லை. அந்த உளவியலாளர் எழுதாததை எழுதியது அவர்தான். சோதனையின் எல்லையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு தாயின் குற்றத்தைச் சொல்லியிருக்கிறார். அதுவும் பேச்சுவாக்கில், தான் ஏதோ அக்கறையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. "இது அறிக்கையில இல்லம்மா. நானா சேத்தது. தப்பு" என்றார்.

முதல் பதிவையும் ஒரு தடவை போட்டார். வாசிப்பு இரண்டாம் வகுப்பு, மொத்தம் எழுபத்தொன்பது, எல்லைக்கோட்டு நிலை. ஒரு பொய் இல்லை. ஆனால் அதை மட்டும் கேட்கிற தகப்பன் வேறு என்ன நினைப்பான்? இத்தனை வருஷம் மூன்று தலைப்பாகப் பிரித்ததில், எண்ணை ஒரு பெட்டியிலும் அதை நம்பாதே என்பதை இன்னொரு பெட்டியிலும் வைத்திருக்கிறார். தாளாக இருந்தவரைக்கும் இரண்டும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. குரலாக ஆனதும் தனித்தனியாகக் கழன்றுவிட்டன. யாரும் பாதி கேட்கவில்லை, அவர்தான் பாதி பாதியாகக் கொடுத்திருக்கிறார்.

நஜீமா மெதுவாகக் கேட்டாள். "சார், ஒண்ணு பண்ணலாமா? அந்த நம்பர விட்டுடுங்க. ஒண்ணுமில்ல, புள்ள நல்லாருக்கான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அவரு அடங்கிடுவாரு. டி.சி.யும் வேணாம்னுடுவாரு."

சொல்லிவிடலாம்தான். திங்கட்கிழமைக் கண்டம் அதோடு முடியும். கொளஞ்சியப்பனுக்கு ஒரு நிமிஷம் ஆசையாகவே இருந்தது.

"ஒண்ணுமில்லன்னு சொன்னா, நாளைக்கு யாரும் அவளுக்கு எதையும் படிச்சுக் காட்ட மாட்டாங்கம்மா. படிக்கிற எடத்துல அவளுக்குச் செரமம் இருக்கு. அது நெஜம். பின்ன, அந்த நம்பர் இங்கிலீஷ் தாள்ல இருக்கு. என்னைக்காவது பாப்பாரு. அன்னைக்கு நம்ம ரெண்டு பேரையும் நம்ப மாட்டாரு."

தாளின் பின்பக்கத்தில் புதிதாக எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதிவிட்டு, அதைத் தனியாக வெட்டி யாருக்காவது அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்தார். ஆபத்தாகத் தோன்றினால் அடித்துவிட்டு மறுபடி எழுதினார். 'எழுபத்தொன்பது என்று ஓர் எண் வந்திருக்கிறது, அந்த எண்ணைக் கொண்டு இவள் அறிவை அளக்கக் கூடாது என்று சோதித்தவரே எழுதியிருக்கிறார்' என்பது ஒரே வாக்கியமாக வருவதற்கு நான்கு தடவை அடித்தார். நஜீமா படித்துப் பார்த்து, "அளக்கக் கூடாதுன்னா ஏன்னு கேப்பாரு சார். அதையும் இங்கயே போடுங்க" என்றாள். போட்டார். வாக்கியம் நீண்டுவிட்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

குவைத்தில் அப்போது மதிய நேரம், கடை அடைத்திருப்பார்கள். நஜீமா வீடியோவில் கூப்பிட்டாள். சாகுல் ஹமீது பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கொளஞ்சியப்பனைப் பார்த்ததும் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வணக்கம் சார். நீங்க சொன்னதாலதான் சார் விஷயமே தெரிஞ்சிச்சு. இல்லன்னா புள்ளய அடிச்சுக்கிட்டே இருந்திருப்போம்."

"நா சரியா சொல்லலீங்க" என்றார் கொளஞ்சியப்பன். "அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

தாளை வைத்துக்கொண்டு படித்தார். சாகுல் ஹமீது நடுவில் குறுக்கிட்டார்.

"ஒரு நிமிஷம் சார். போன வாரம் ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. அப்ப எம் புள்ளைக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்லன்னு சொல்ல மாட்டேன். படிக்கிறதுல செரமம் இருக்கு. கற்றல் குறைபாடா இருக்கலாம்னு சோதிச்சவங்க நெனக்கிறாங்க. ஆனா மொழி மாறுனதால எவ்வளவு, குறைபாட்டால எவ்வளவுன்னு இப்ப அவங்களுக்கே தெரியல. காது கூட இன்னும் சோதிக்கல. ஹாஸ்டல் பள்ளிக்கூடம்னு அந்த எட்டுப் பக்கத்துல எங்கயும் இல்ல. இதே பள்ளி, இதே வகுப்புன்னுதான் எழுதியிருக்கு."

"அப்ப இத ஏன் சார் அன்னைக்கே சொல்லல?"

துண்டு துண்டாகப் பேசிய தப்பு என்னுடையது என்று சொல்லக் கொளஞ்சியப்பன் வாயெடுத்தார். அதற்குள் நஜீமா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சொன்னாரு. நாந்தான் அனுப்பல. போற வழியில பஸ்ல புள்ள வாந்தி எடுத்துச்சு. நீங்க சத்தம் போடுவீங்கன்னு அனுப்பல."

சாகுல் ஹமீது கோபப்படத்தான் வாய் திறந்தார், பாதியில் மூடிக்கொண்டார். அப்போதுதான் கதவோரத்திலிருந்து சத்தம் வந்தது.

"ரெண்டாவது வாய்ஸ்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும் அத்தா. நா சொல்லவா?"

ஹுஸ்னா போன் முன்னால் வந்து நின்றாள். அம்மா சமையல்கட்டில் போட்டுக் கேட்டபோது அவளும் கேட்டிருக்கிறாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை, அதனால் அவளும் சொல்லவில்லை. "கட்டை அடுக்குனது எனக்கு நல்லா வந்துச்சு. வேகமா கோடு போடுறது வரல, அப்ப தல சுத்திட்டு இருந்துச்சு. ரெண்டையும் கூட்டுனா வர்ற நம்பர் என்னோடது இல்லையாம். அந்த மேடமே எழுதிட்டாங்களாம். அவங்க கேட்ட வார்த்த எல்லாம் இங்கிலீஷ் வார்த்த. ஆறு மாசம் கழிச்சு தமிழ்ல கேப்பாங்களாம். அப்பதான் தெரியுமாம்." மூக்கை உறிஞ்சினாள். "அத்தா, அதுவரைக்கும் நா ஹாஸ்டலுக்குப் போவணுமா?"

நான்கு நிமிஷப் பேச்சு. அவர் குழப்பியதைத் தள்ளிவிட்டு, இருக்க வேண்டியதை மட்டும் அந்தப் பெண் எடுத்து வைத்திருந்தாள். கொளஞ்சியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தீர்களா, இந்தப் பிள்ளைக்கா மூளை வளர்ச்சி இல்லை என்கிறீர்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. ஒரு பெண் ஒரு சாயங்காலம் அழகாகப் பேசியது சோதனை ஆகாது. தாளில் அதற்கு இடமில்லை. கேட்டுப் புரிந்துகொள்வது வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது என்று ஏற்கனவே எழுதியிருக்கிறது, அது போதும்.

சாகுல் ஹமீது முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு, "இல்லம்மா, போவ வேணாம்" என்றார்.

கொளஞ்சியப்பன் விடவில்லை. "இப்ப நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க. என்ன புரிஞ்சிச்சு?"

"படிக்கிறதுல செரமம். நம்பர் பாக்கக் கூடாது. தெனமும் அரை மணி நேரம் எழுத்தும் சத்தமும் சேத்து பயிற்சி. பரீட்சையில கேள்விய யாராவது படிச்சுக் காட்டணும், வாயால சொன்னா ஏத்துக்கணும், கூட நேரம் தரணும். திடீர்னு எழுப்பி எல்லார் முன்னாலயும் படிக்கச் சொல்லக் கூடாது. காது, கண்ணு பாக்கணும். ஆறு மாசத்துல சரியாயிடும்."

"கடைசி மட்டும் தப்பு. சரியாயிடும்னு யாரும் சொல்லல. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்பாங்க. முன்னேறியிருக்கலாம். குறைபாடுதான்னு உறுதியும் ஆகலாம். பள்ளிக்குள்ள நடக்குற தேர்வுல இந்த உதவியெல்லாம் நாங்களே பண்ணலாம். பொதுத்தேர்வுச் சலுகைக்கு அரசு சான்றிதழ் வேணும். அது வேற வழி, இந்தத் தாளு சான்றிதழ் இல்ல."

"மறுபடி பாப்பாங்க" என்று சாகுல் ஹமீது பள்ளிப் பிள்ளை போலத் திருப்பிச் சொன்னார். "உறுதியும் ஆகலாம்." அந்த இரண்டாவதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னார்.

அன்றைக்கு இரவு சாப்பிடும்போது கொளஞ்சியப்பன் ராசாத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னார். தான் சேர்த்த அந்த ஒரு வரியையும் சொன்னார். அவள் ரசத்தை ஊற்றியபடி, "பயிற்சிக் கூட்டத்துல காமிச்சத நாலு தடவ சொன்னீங்க. இத ஒரு தடவதான் சொல்றீங்க" என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை அவருக்கு வேறு ஊர். ஆனாலும் பைக் காலையில் லப்பைக்குடிகாட்டுப் பக்கம்தான் திரும்பியது. அஸ்லாம் தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்திருந்தார். கையில் டி.சி. விண்ணப்பம் இல்லை. பெரம்பலூர் அரசு மருத்துவமனையில் காது பார்க்கிற நாள் எது என்று வளர்மதியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கொளஞ்சியப்பனைக் கண்டதும் எழுந்து, போனை நீட்டினார்.

"அண்ணன் நேத்து குரூப்புல போட்டது சார். கேளுங்க."

சாகுல் ஹமீதின் குரல். ஒன்றரை நிமிஷம். வாசிப்பில் சிரமம் என்று ஆரம்பித்தவர், அதே மூச்சில் எண்ணைச் சொல்லி, அதே மூச்சில் அதை ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டார். வாந்தி எடுத்ததைச் சொன்னார். யாரையும் குறை சொல்லவில்லை. என்னென்ன உதவி வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் கொஞ்சம் இருமிவிட்டுத் தொடர்ந்தார்.

"ஆறு மாசம் கழிச்சு என்ன வரும்னு இப்ப யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியலன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு வாரம் ஆச்சு. இன்ஷா அல்லாஹ், அதுவரைக்கும் எம் புள்ள அவ வூட்டுல இருந்துதான் படிப்பா. நம்பர மட்டும் தனியா யாரும் கேக்காதீங்க. கேட்டா இந்த வாய்ஸ முழுசா கேளுங்க."